போகிற போக்கில் படிக்க எந்த எழுத்து? சாலையோர ஃப்ளெக்ஸுக்கு நான்கு வகை எழுத்துகள், ஓர் ஒப்பீடு

கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டடி தூரத்தில் இருக்கும் திரையைப் பார்த்துத்தான் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "இது நல்லா இருக்கு தம்பி, இதையே போட்ருங்க" என்பார்கள். அச்சடித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, ரோட்டோரம் ஏற்றிய பிறகு அதே எழுத்தை 300 அடிக்கு அப்பாலிருந்து, ஓடுகிற வண்டியின் தூசி படிந்த கண்ணாடி வழியாக ஒருவர் பார்ப்பார். அவருக்கு அந்த எழுத்து நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

தண்டையார்பேட்டையில் பல வருடங்களாக ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். "மெல்லிசா போடலாமா, பட்டையா போடலாமா, ஆர்டிஸ்ட்டை வெச்சு எழுதலாமா?" என்று கேட்டுக் குழம்பி நிற்பவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பேச்சுக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்பதால், மணலி விரைவுச் சாலையில் லாரிகளுக்கு டயர் பஞ்சர் போடும் கடைக்காரர் ஒருவருக்குச் செய்த 20க்கு 10 அடி போர்டையே எடுத்துக்கொள்கிறேன். கடை அவருடைய சொந்த இடம். போர்டும் அந்த இடத்துக்குள்ளேயே, வருகிற வண்டிகளைப் பார்த்த மாதிரி நிற்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் நேரம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 46 அடி கடக்கிறது. 300 அடியில் எழுத்து தெரியத் தொடங்கினால், போர்டைத் தாண்டிப் போக ஆறரை நொடி. ஆனால் கடைசி 100 அடியில் போர்டு பக்கவாட்டுக்குப் போய்விடும், ஓட்டுநர் முன்னால் பார்க்க வேண்டியிருக்கும். மிச்சம் நாலு நொடி. அதிலும் நடுவே ஆட்டோ குறுக்கே வரும், கண்ணாடியைப் பார்ப்பார். உண்மையில் போர்டின்மேல் கண் நிற்பது இரண்டு மூன்று நொடிதான். அதற்குள் படித்து முடிக்கிற மேட்டராக இருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு 25, 30 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று போர்டு தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள். தமிழுக்கு இது பற்றாது. ஆங்கில E-யில் நாலு கோடுதான். நம் 'ண'வில் மூன்று சுழி, 'ஞ'வில் சுழியோடு கீழே ஒரு வளைவு, மேலே புள்ளி வேறு. நான் 20 அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். அளப்பது 'ப'வின் உயரத்தை மட்டும். மேல்விலங்கையும் கீழ்விலங்கையும் சேர்த்து அளந்தால் ஏமாந்துபோவோம்.

இந்த இரண்டும் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலரும் பார்க்காமல் விடுவது மூன்றாவதை. எழுத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய விஷயம் எவ்வளவு பெரியது என்பதே அது. நல்ல பார்வை உள்ளவரின் கண் 300 அடி தூரத்தில் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் ஓர் அங்குலம். அதற்குக் கீழே போனால் இரண்டு கோடு ஒரு கோடாகிவிடும், சுழி பொட்டாகிவிடும். ஓடுகிற வண்டி, தூசி, மாலை வெயில் எல்லாவற்றையும் நினைத்து நான் இதை இரண்டு அங்குலமாக வைத்துக்கொள்வேன். எழுத்தின் மெல்லிய கோடு, சுழிக்குள் இருக்கும் வெற்றிடம், புள்ளி, இந்த மூன்றில் எதுவும் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

இதை அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். 20க்கு 10 அடி போர்டை நான் 20க்கு 10 அங்குல ஃபைலாக வைப்பேன், ஓர் அங்குலம் ஓர் அடி. அதில் இரண்டு அங்குலம் என்பது ஆறில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 0.167. அந்த விட்டத்தில் ஒரு சிவப்பு வட்டம் வரைந்து தனி லேயரில் வைத்துக்கொள்வேன். எழுத்தை அமைத்தபின் அந்த வட்டத்தை இழுத்துப்போய் 'ண'வின் சுழிக்குள் வைத்துப் பார்ப்பேன். உள்ளே முழுதாக உட்கார்ந்தால் சரி. ஓரம் எழுத்தின்மேல் ஏறினால் அந்த எழுத்து அந்தத் தூரத்துக்கு ஆகாது. புள்ளியின் மேலும் வைப்பேன். புள்ளி வட்டத்தை மூட வேண்டும்.

போர்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறதா, ரோட்டுக்கு இணையாக மதில்மேல் இருக்கிறதா என்பதும் முடிவை மாற்றும். பிறகு ஏற்படும் செலவும் உண்டு. ஃப்ளெக்ஸில் காசு சதுர அடிக்குத்தான். எந்த எழுத்தைப் போட்டாலும் அச்சுக்கூலி ஒன்றே. அதனால் எழுத்துக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அது வேறு வழியில் வரும்.

## ஒன்று: புத்தக எழுத்து

பத்திரிகையிலும் பத்திரத்திலும் பார்க்கும் மெல்லிய எழுத்து. கம்ப்யூட்டரில் Latha போல ஏற்கெனவே இருக்கும் எழுத்துகள், கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் தடிப்பும் மெலிவும் கலந்த எழுத்துகள் எல்லாம் இதில் சேரும்.

இதன் நல்ல குணம், சுழிகள் திறந்தே இருக்கும். சிவப்பு வட்டம் சுழிக்குள் தாராளமாக உட்காரும். 'ன'வும் 'ண'வும் குழம்பாது. தோற்பது கோட்டிலும் புள்ளியிலும்தான். கடையில் அடிக்கடி போடும் ஒரு பத்திரிகை எழுத்தை 20 அங்குல உயரத்தில் வைத்து அளந்து பார்த்தேன். மெல்லிய இடம் ஓர் அங்குலத்தைத் தாண்டவில்லை. 300 அடியில் அந்த இடங்கள் கரைந்துபோய், தடித்த இடங்கள் மட்டும் தனித்தனித் துண்டாக நிற்கும்.

புள்ளி விஷயத்தில் நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பல் மருத்துவருக்கு போர்டு செய்தேன். திரையில் அவ்வளவு அழகாக இருந்தது, அவருக்கும் பிடித்திருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏற்றிய அன்று எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று பார்த்தேன். 'பல்' மேல் இருந்த புள்ளியைக் காணோம். வெளிர்நீலப் பின்னணியில் சின்ன வெள்ளைப் புள்ளி, பகல் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. 'பல மருத்துவமனை' என்றுதான் படிக்க முடிந்தது. என் காசில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து எந்த எழுத்தைப் போட்டாலும் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான்.

மறைந்திருக்கும் செலவு இந்த மறு அச்சுதான். ஃப்ளெக்ஸ், சட்டத்துக்கு ரீப்பர், ஏற்றும் கூலி எல்லாம் இரண்டாவது தடவை. அதற்காக இந்த எழுத்தே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும், போர்டு 30 அடியில் இருக்கும். அங்கே ஜவுளிக்கடைக்கு மெல்லிய எழுத்து கௌரவமாக இருக்கும், தெரியவும் செய்யும்.

## இரண்டு: பட்டை எழுத்து

"தூரத்துல தெரியணும்னா பட்டையா போடு." எல்லோரும் சொல்வது இது. கேட்கவும் நியாயமாக இருக்கிறது. Baloo Thambi 2, Catamaran போன்றவற்றின் ஆகத் தடித்த வடிவங்கள், பழைய ஃப்ளெக்ஸ் கடைகளில் கட்சி போர்டுக்குப் போடும் தடித்த எழுத்துகள் எல்லாம் இந்த வகை.

போர்டு இருப்பதே இதில்தான் முதலில் தெரியும். 500 அடியிலேயே ஏதோ பெரிதாக எழுதியிருக்கிறது என்று கண் போய்விடும். கோடு ஒருபோதும் கரையாது, புள்ளியும் கனமாக நிற்கும். ஆனால் கோடு தடிக்கத் தடிக்க, அந்தத் தடிப்பு எழுத்தின் உள்வெளியைத் தின்றுதான் வளர்கிறது. 'ப', 'ட', 'ர' போல வளைவில்லாத எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. 'ண', 'ஞ', 'ழ', 'ஐ', 'ணை' எல்லாம் கரும்பொட்டாகிவிடும். 'மணி' என்று எழுதினால் 'ம', பிறகு ஒரு கட்டி, அதன்மேல் ஒரு வளைவு, அவ்வளவுதான் தெரியும். சிவப்பு வட்டத்தை வைத்தால் பாதி எழுத்துகளில் உள்ளே போகாது.

இதற்கு மேல் நம் ஊர் வழக்கப்படி எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக் என்று ஓரக் கோடு வேறு கொடுப்போம். மஞ்சள் எழுத்து, சிவப்பு ஸ்ட்ரோக், அதைச் சுற்றி வெள்ளை ஸ்ட்ரோக், கடைசியாக நிழல். ஸ்ட்ரோக் வெளிப்பக்கம் மட்டும் வளர்வதில்லை, சுழிக்குள்ளும் வளர்கிறது. நாலு அங்குலச் சுழியில் ஒரு அங்குல ஸ்ட்ரோக் போட்டால் மிச்சம் இரண்டு அங்குலம். இன்னொரு ஸ்ட்ரோக் போட்டால் சுழியே இல்லை. பின்னணிப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டத்தானே ஸ்ட்ரோக்? அதற்கு எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறப் பட்டை ஒன்றைப் போட்டாலே போதும். நான் மனசாரச் சொல்வது இது.

மேட்டர் நீளமாக இருந்து, பட்டை எழுத்து அகலத்தில் அடங்காவிட்டால், டிசைனர் அதைப் பக்கவாட்டில் 60 சதவீதத்துக்கு நெருக்கிவிடுவார். அகலத்தில் நாலு அங்குலம் இருந்த சுழி இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். படுக்கைக் கோடு தடித்தும் நிமிர்ந்த கோடு மெலிந்தும் எழுத்தின் நடையே கெடும்.

மறைந்த செலவு இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட தடித்த எழுத்துகளில் பழையவை பல யூனிகோடுக்கு முந்தியவை. Bamini என்ற பழைய முறையில் 'தமிழ்' என்று வர `jkpo;` என்று அடிக்க வேண்டும். அதே ஃபைலை அந்த எழுத்து இல்லாத வேறு கடையில் திறந்தால் திரையில் அந்த ஆங்கில எழுத்துகளே வந்து நிற்கும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுத்தால், அடுத்த வருடம் போன் நம்பர் மாறும்போது ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, முதலிலிருந்து அமைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்காத எழுத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமைச் சிக்கல் தனி.

பட்டை எழுத்து சரியாக அமைவது, ஒன்றிரண்டு சொல்லே இருக்கும்போது. 'டயர்', 'பார்சல்', 'தள்ளுபடி' மாதிரி சுழி குறைந்த ஒரே சொல்லை ஐந்தடி உயரத்துக்கு ஏற்றுவதானால் இதற்கு ஈடு இல்லை. எழுத்து அந்த அளவுக்கு வளரும்போது உள்வெளியும் கூடவே வளர்ந்துவிடும்.

## மூன்று: சுழி திறந்த, நடுத்தரக் கனம்

கோடு எங்கும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில், சுழிகளைச் சற்றுப் பெரிதாக வைத்து வரைந்த எழுத்துகள். Mukta Malar, Noto Sans Tamil, Anek Tamil ஆகியவற்றில் SemiBold அல்லது Bold. மூன்றும் இலவசம், வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். யூனிகோடு என்பதால் வாட்ஸ்அப்பில் வந்த மேட்டரை அப்படியே ஒட்டலாம். ஃபைலோடு எழுத்தையும் அனுப்பிவிட்டால் எந்தக் கடையிலும் திறக்கும்.

திரையில் பார்க்கும்போது இது ரொம்பச் சாதாரணமாக இருக்கும். கடைக்காரர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். "என்ன தம்பி, பெயர்ப்பலகை மாதிரி இருக்கு?" என்பார். பெயர்ப்பலகை மாதிரி இருப்பதால்தான் படிக்க முடிகிறது அண்ணே என்று சொல்லி, ஒரு பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகே ஒத்துக்கொள்வார்.

கனத்தை இன்னும் ஒரு படி கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பின்னணி நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கருநீலத்தில் வெள்ளை எழுத்து, அதன்மேல் இரவில் ஃபோகஸ் விளக்கு என்றால் வெள்ளை பூரித்து வழிகிற மாதிரி தெரியும், சுழி அடைபடும். அங்கே SemiBold. மஞ்சளில் கறுப்பு என்றால் பின்னணி எழுத்தைத் தின்னும், அங்கே Bold. சிவப்பில் கறுப்பு, பச்சையில் சிவப்பு இரண்டையும் எந்தக் கனத்திலும் காப்பாற்ற முடியாது.

இதிலும் செலவு இல்லாமல் இல்லை. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும், 'கொ' உடைந்துவிடும். `Edit > Preferences > Type` போய் `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய ஃபைல் திறந்து ஒட்ட வேண்டும். இதைச் செய்யத் தெரியாத கடையில் கொடுத்தால் டிசைனர் அவருக்குப் பழகிய பழைய எழுத்துக்கே திரும்பிவிடுவார், நீங்கள் ப்ரூஃபில் அதைக் கவனிக்காமலும் போகலாம். வரிக்கு வரி இடைவெளியும் கேட்கும். மேல் வரியில் 'டு', 'து' வந்து கீழ் வரியில் புள்ளியோ மேல்விலங்கோ வந்தால் இரண்டும் முட்டும்.

## நான்கு: ஆர்டிஸ்ட் எழுதிய எழுத்து

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் வட சென்னையின் சுவர்களை எழுதியவர்களில் சிலர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். பட்டைத் தூரிகையால் சார்ட் பேப்பரில் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் கோடாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு நல்ல ஆர்டிஸ்ட் 'ஞ்ச' வரும் இடத்தில் 'ஞ'வைச் சற்று அகலமாக்கி, புள்ளியை எங்கே வைத்தால் தெரியும் என்று பார்த்து வைப்பார். எந்தத் தயார் எழுத்தும் இதைச் செய்யாது. பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருக்கும்.

தூரிகை திரும்பும் இடத்தில் கோடு மெலியும் என்பதை மட்டும் முன்கூட்டியே பேச வேண்டும். "ஒரே கனமா வேணும், வாலை இழுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குப் புரியும். ஒருநாள் இரண்டுநாள் ஆகும், கூலி தனி. மேட்டரில் ஒரு சொல் மாறினாலும் மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். அதனால் போன் நம்பர், விலை, தேதி எதையும் கையால் எழுத வைக்காதீர்கள். கடைப்பெயரை மட்டும் எழுதி வாங்கினால் அது போர்டு, பில் புக், கைப்பை என்று எல்லாவற்றுக்கும் பத்து வருடம் வரும். அப்படிப் பார்த்தால் நாலு வகையிலும் இதுதான் மலிவு.

## ஒரே பார்வையில்

| | புத்தக எழுத்து | பட்டை எழுத்து | நடுத்தரக் கனம் | ஆர்டிஸ்ட் எழுத்து |
|---|---|---|---|---|
| மெல்லிய கோடு | தூரத்தில் கரையும் | நிற்கும் | நிற்கும் | எழுதுபவர் கையில் |
| சுழி | திறந்திருக்கும் | அடைபடும் | திறந்திருக்கும் | பெரும்பாலும் திறந்திருக்கும் |
| புள்ளி | தொலையும் | கனமாக நிற்கும் | நிற்கும், அளந்து பார்க்கவும் | சொல்லி வைத்தால் நிற்கும் |
| நீளமான மேட்டர் | அடங்கும், தெரியாது | நெருக்கித்தான் அடங்கும் | குறைத்தால் அடங்கும் | வேண்டாம் |
| பிறகு வரும் செலவு | மறு அச்சு | ஃபைலைத் திருத்த முடியாமை | டிசைனருக்குப் பழக்கம் வேண்டும் | கூலி, நாள் |
| ஏற்ற இடம் | நெரிசல் கடைத்தெரு | ஒரே சொல், பெரிய அளவு | விரைவுச் சாலை | கடைப்பெயர் |

## மணலி சாலை போர்டு

டயர் கடைக்காரர் கொண்டுவந்த மேட்டர் இது: கடைப்பெயர், 'லாரி, டிரெய்லர், கண்டெய்னர் வண்டிகளுக்கு டயர் பஞ்சர், வீல் அலைன்மெண்ட் செய்து தரப்படும்', இரண்டு போன் நம்பர், முகவரி, ஓரத்தில் சாமி படம், இன்னோர் ஓரத்தில் அவருடைய மகன் படம்.

படங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அகலம் போனால், அந்த நீண்ட வாக்கியத்தை இரண்டு வரியில் போட எழுத்து உயரம் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும். 20 அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அது தெரியத் தொடங்குவது 100 அடியில். அந்த 100 அடியை வண்டி இரண்டு நொடியில் கடந்துவிடும். அதுவும் ஓட்டுநர் போர்டைப் பார்க்க முடியாத அந்தக் கடைசி 100 அடி. அதாவது எந்த எழுத்தைப் போட்டாலும் அந்த வாக்கியத்தை எவரும் படிக்கப்போவதில்லை. இதை அவருக்குப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப என்னதான் போடணும் தம்பி?"

"டிரெய்லர் டிரைவருக்கு டயர் போயிருக்கு அண்ணே. அவருக்கு மூணு விஷயம்தான் வேணும். என்ன கடை, இப்ப திறந்திருக்கா, எங்கே திரும்பணும்."

மூன்று வரி ஆயிற்று. 'லாரி டயர் பஞ்சர்', '24 மணி நேரம்', கடைசியாக ஓர் அம்புக்குறியும் 'இடப்பக்கம்' என்ற சொல்லும். கடைப்பெயர் இந்த போர்டில் வேண்டாம், வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பெயர்ப்பலகைக்கு மட்டும் விதிப்படி தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். சாமி படம் இல்லாமல் அவருக்கு மனசு ஒப்பவில்லை. மேல் மூலையில் ஓரடிக்குச் சின்னதாக வைத்தோம், எழுத்துக்கு அது இடைஞ்சல் இல்லை.

'லாரி டயர் பஞ்சர்' என்பதை இருபுறமும் ஓரடி விட்டு 18 அடி அகலத்தில் நிறுத்தினால் 'ப'வின் உயரம் சுமார் 20 அங்குலம் வருகிறது. 400 அடியிலிருந்து படிக்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் எட்டரை நொடிக்கு மேல். சரக்கு ஏற்றிய டிரெய்லர் சட்டென்று நிற்காது, வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டித் திரும்ப அந்த நேரம் வேண்டும்.

அடுத்து எழுத்து. பட்டையில் அமைத்து வட்டத்தை வைத்தேன். 'ஞ'விலும் 'மணி'யின் 'ண'விலும் உள்ளே போகவில்லை. மெல்லிய எழுத்தில் 'ஞ்', 'ர்' இரண்டின் புள்ளியும் வட்டத்தை மூடவில்லை. Mukta Malar Bold-இல் இரண்டும் சரியாக உட்கார்ந்தன. மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, ஸ்ட்ரோக் கிடையாது. ஆர்டிஸ்ட் எழுத்தை இதற்கு யோசிக்கவே இல்லை, இது பெயர் போர்டு இல்லையே.

கிளம்பும்போது, இதே டிசைனைப் பக்கத்து மதில்மேலும் ஒன்று மாட்டிவிடலாம் என்றார். மதில் ரோட்டுக்கு இணையாக, வண்டி போகும் தடத்திலிருந்து 30 அடி தள்ளி இருந்தது. 100 அடி முன்னாலிருந்து பார்த்தால் அந்த 20 அடி போர்டு கண்ணுக்கு ஆறடி அகலமாகத்தான் தெரியும். உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். சுழி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இங்கே மூன்றாம் வகையிலும் வேறு தேர்வு வேண்டும். Anek Tamil-இல் Expanded என்று அகலமான வடிவம் உண்டு. அதைப் போட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளியையும் கொஞ்சம் கூட்டி, 'டயர் பஞ்சர்' என்று இரண்டே சொல் எழுதினோம். மதிலில் பட்டை எழுத்தைப் போட்டிருந்தால் கறுப்புக் கம்பி அடுக்கிய மாதிரி இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். சொந்த இடமானாலும் அனுமதி வாங்காமல் ஏற்றாதீர்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் சரிந்த பேனரால் ஓர் உயிர் போனதை நாம் யாரும் மறக்கக் கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகப் போர்டை ரோட்டுப் பக்கம் நகர்த்துவது எந்தக் கணக்கிலும் சேராது.

## அச்சுக்குக் கொடுக்கும் முன்

ப்ரூஃபைத் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ஏ4 தாளில் படுக்கைவாக்கில் முழு அகலத்துக்குப் பிரிண்ட் எடுத்து, கடைச் சுவரில் ஒட்டி, 14 அடி தள்ளி நில்லுங்கள். 20 அடி போர்டை 300 அடியிலிருந்து பார்ப்பதும் இதுவும் ஏறத்தாழ ஒன்று. மேட்டர் என்னவென்று தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, தாளை ஒரு அட்டையால் மூடி வைத்து, இரண்டு நொடி திறந்து மூடுங்கள். என்ன படித்தார் என்று கேளுங்கள். மதில் போர்டு என்றால் தாளை அட்டையில் ஒட்டி, அதன் அகலம் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும்வரை பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து இதையே செய்யுங்கள்.

டயர் கடைக்காரர் அன்று கூப்பிட்டது எதிர்க்கடை டீ மாஸ்டரை. அட்டையைத் திறந்து மூடியதும் அவர், "பஞ்சர் கடை, இருபத்தி நாலு மணி நேரம்... அம்பு எந்தப் பக்கம்னு பாக்கல" என்றார். அம்புக்குறியை இரண்டு மடங்கு பெரிதாக்கி, 'இடப்பக்கம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மறுபடி ஒரு பிரிண்ட் எடுத்தோம். இந்தத் தடவை டீ மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, கையை இடது பக்கம் காட்டினார். அந்த ஃபைலைத்தான் அச்சுக்கு அனுப்பினேன்.